வில்பத்துச் சந்தியிலிருந்து கேற்றடி வரை

எனக்குச் சிறுத்தை பார்க்கிற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. கடலில் ஆயுள் போனவனுக்குக் காட்டில் என்ன வேலை? ஆனால் என்னுடைய மகள் றொஷேல் நோர்வேயில் இருந்து புருசன் மில்ரனோடும் பிள்ளையோடும் வந்து, பத்து நாளும் வத்தளையில் மாமியார் வீட்டில் நின்றுவிட்டு, திரும்பிப் போவதற்கு முதல்நாள் என்னைப் பார்க்க ஒதுக்கிய இடம் வில்பத்துக் காட்டின் வாசல். அதனால்தான் போனேன்.

பள்ளிமுனைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். பக்கத்து வீட்டு டிலோஜினியின் போனில்தான் மகள் கதைப்பாள். என்னுடைய போன் பொத்தான் போன், அதில் முகம் தெரியாது.

"அப்பா, நேரமில்லை அப்பா. மில்ரனுக்கு இந்த வெயில் ஒத்து வராது. பிள்ளைக்கும் சிறுத்தை பாக்க வேணுமாம். அங்க பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்திட்டாள்."

"இஞ்சை கழுதை நிக்குது. வந்து பாக்கச் சொல்லு."

"பகிடி விடாதேங்கோ. வெள்ளிக்கிழமை இரவு கேற்றுக்குக் கிட்ட ஒரு லொட்ஜில தங்குறம். சனிக்கிழமை பின்னேரம் ஜீப். இரண்டு மணிக்கு உள்ள போனால் ஆறு மணிக்குத்தான் வெளியில வரும். உங்களுக்கும் ஒரு சீற் சொல்லியிருக்கிறன். நாலு மணித்தியாலம் பிள்ளையோட இருக்கலாம். அதுக்குப் பிறகு நாங்கள் நேரே வத்தளை. அடுத்த நாள் பிளைட்."

நாலு மணித்தியாலம். ஏழு வயதுப் பிள்ளை. டினோஜா என்று பேர். பிறந்ததில் இருந்து நான் அவளைப் போன் கண்ணாடிக்குள்தான் கண்டேன். அந்த ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பதற்குத்தான் நான் இந்த வழியெல்லாம் போனது. அதை விட்டால் வேறு தவணை இல்லை. அடுத்த முறை அவர்கள் வரும்போது நான் எங்கே இருப்பேனோ, அதை யார் கண்டது.

"சந்தியில இறங்கி ஓட்டோ ஒண்டு பிடிச்சு வாங்கோ அப்பா. காசு நான் குடுக்கிறன்" என்றாள் மகள்.

"ஏன், என்னட்டை இல்லையோ?" என்றேன். அதோடு அந்தக் கதை நின்றது.

போனை வாங்கிக்கொண்ட டிலோஜினி சிரித்தாள். "மாமா, போற வழியில ஆரும் கேட்டால் புலி பாக்கப் போறன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

"சிறுத்தை எண்டுதானே சொன்னனான்."

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

சனிக்கிழமை விடியப் புறப்பட்டேன். மகளுக்கென்று சீலாக் கருவாடு கொஞ்சம் கடதாசியில் சுற்றி, அதற்கு மேல் துணி சுற்றிப் பையில் வைத்திருந்தேன். மன்னாரில் இருந்து மதவாச்சிக்குப் போகும் பஸ்ஸில் மூக்கைப் பிடித்தவர்கள் இருந்தார்கள். கொண்டக்டர் பையை முன்னுக்கு வைக்கச் சொன்னான். "முன்னுக்கு வைச்சால் றைவர் தின்னுவான்" என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொண்டேன். முருங்கன், மடு றோட், செட்டிகுளம் எல்லாம் கழிந்து மதவாச்சியில் இறங்கி, அநுராதபுரம் பஸ் ஏறினேன். அநுராதபுரத்தில் புத்தளம் போகும் பஸ் நிறைய வருகிறது, அதில் குறையில்லை. பெரிய தெருவில் ஓடுகிற பஸ்ஸை நம்பலாம். பெரிய தெருவை விட்டு இறங்கினால்தான் மனிதன் தனித்துப் போகிறான்.

நொச்சியாகம தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கொண்டக்டர் "வில்பத்துவ, வில்பத்துவ" என்று கத்தினான். இறங்கினேன். பஸ் புத்தளம் பக்கம் போய்விட்டது.

சந்தி என்றால் பெரிய சந்தி இல்லை. ஒரு சிறுத்தைப் படம் போட்ட பெரிய பலகை, இரண்டு மூன்று கடை, ஒரு அரச மரம், அதன் கீழ் ஓட்டோக்கள். அங்கிருந்து ஒரு தெரு காட்டுப் பக்கம் போகிறது. கேற்றுக்கு எட்டுக் கிலோமீற்றர் என்று பலகை சொன்னது. பதினொரு மணிகூட ஆகவில்லை. நான் நல்ல வேளைக்கு வந்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அவர்கள் பிடித்திருந்த வான்காரனின் நம்பரை மகள் தந்திருந்தாள். அடித்தேன். ஒரு பெண் குரல் மூன்று பாஷையிலும் ஆள் இல்லை என்றது. காட்டுக்குக் கிட்டப் போனால் போன் வேலை செய்யாது என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு கடையில் பிளேன்ரீ வாங்கிக் குடித்துக்கொண்டு கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். எனக்குச் சிங்களம் வரும். நீர்கொழும்பு ஆட்கள் தலைமன்னாரில் வந்து வாடி போட்டு மீன் பிடித்த காலத்தில் அவர்களோடு கிடந்து பழகியது. பாதி தூசணம். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பேசினேன்.

"கேற்றுப் பக்கம் பஸ் இருக்கா, நங்கி?"

"இருக்கே. பன்னிரண்டரைபோல நொச்சியாகமவில் இருந்து ஒன்று வரும். கேற்றைத் தாண்டி ஊருக்குள்ளே போகும்."

போதும். பன்னிரண்டரைக்கு ஏறினால் ஒரு மணிக்கு முன்னம் கேற்றடி. இரண்டு மணிக்கு ஜீப். வெளியே வந்து அரச மரத்து நிழலில் கல்லொன்றில் இருந்தேன்.

ஒரு ஓட்டோக்காரன் வந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும், தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். என்னுடைய சாரத்தையும் பையையும் பார்த்துவிட்டுத் தமிழில் கதைத்தான்.

"ஐயா எங்க போற? கேற்றுக்கா?"

"ஓம். பஸ்ஸில போறன்."

"இன்னைக்கு பஸ் இல்லை ஐயா."

நான் அவனைப் பார்த்தேன். ஓட்டோக்காரன் பஸ் இருக்கு என்று சொல்லி எந்த ஊரில் கேட்டிருக்கிறீர்கள்?

"அந்தக் கடைக்காரி இருக்கு எண்டாள்."

"இருக்கு. ஆனா அது ஸ்கூல் பஸ். பிள்ளைகள் வீட்டுக்குப் போற நேரம் ஓடுற பஸ். இன்னைக்கு சனிக்கிழமை. ஸ்கூல் இல்லை, பஸ்ஸும் இல்லை. பின்னேரம்தான் ஒண்டு வரும், அது ஆறு மணி ஆகும். வாங்க, நான் கொண்டுபோய் விடுறேன்."

"தமிழ் எங்க படிச்ச நீ?"

அவன் சிரித்தான். பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. "தள்ளாடி. ஆறு வருசம் அங்க ஆமியில இருந்தேன். செக் பொயின்றில நின்னது. உங்கட ஆக்களோட கதைச்சுக் கதைச்சுத்தான் படிச்சது."

அங்கே முடிந்தது. மன்னார்த் தீவில் இருந்து பாலம் தாண்டிப் பெருநிலத்துக்கு வந்தவன் எவனுக்கும் தள்ளாடியை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி, வரிசையில் நடத்தி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த இடம். இறங்கு, நட, காட்டு, போ. அந்தத் தமிழைத்தான் இவன் படித்திருக்கிறான். அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை, அவன் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஆனாலும் அவன் வண்டிக்குள் ஏறி, அவன் பின்னால் இருந்துகொண்டு ஒரு காட்டுக்குள் போவேனா நான்?

"நீ போ. நான் பஸ்ஸில வாறன்" என்றேன்.

"ஐயாட விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய் மற்ற ஓட்டோக்காரரோடு இருந்தான். அவனுக்குப் பேர் சரத் என்று மற்றவன் கூப்பிட்டதில் தெரிந்தது. என்னைப் பற்றி என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜீப்புகள் போய்க்கொண்டிருந்தன. பச்சை நிறம், மேலே கூரை, பக்கம் திறந்தபடி, உயரத்தில் வரிசை வரிசையாகச் சீற். வெள்ளைக்காரர் இருந்தால் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

பன்னிரண்டரை வந்தது. பஸ் வரவில்லை. இலங்கையில் பஸ் பிந்தி வருவது புதினமா? இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று இருந்தேன். ஒரு மணியானது. கடைக்காரி சோறு தின்று கை கழுவ வெளியே வந்தவள் என்னைக் கண்டு, "தாத்தே, இன்னும் போகவில்லையா?" என்றாள்.

"பஸ் வரவில்லை."

அவள் வாயில் கையை வைத்தாள். "ஐயோ! இன்றைக்குச் சனிக்கிழமை அல்லவா? சனிக்கிழமையில் அது ஓடாதே. நீங்கள் பஸ் இருக்கா என்று கேட்டீர்கள், நான் இருக்கு என்றேன். இன்றைக்கு இருக்கா என்று கேட்கவில்லையே."

உண்மைதான். கேட்கவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பஸ் எந்த நாளில் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த உண்மையை ஒரு ஆமிக்காரன் சொன்னபடியால் அது எனக்குப் பொய்யாகிவிட்டது.

மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். ஓட்டோ ஒன்றுகூட இல்லை. புத்தளம் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்றில் ஆட்கள் இறங்க, எல்லாரும் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் அசையவில்லை.

நடக்கத் தொடங்கினேன்.

முதலில் வீடுகள் இருந்தன. மாமரம், மஞ்சள் பூசிய சுவர், வேலியில் காயப்போட்ட உடுப்பு. ஒரு வீட்டில் ரேடியோ பாடியது. பிறகு வீடுகள் இடைவிட்டன, இருபக்கமும் பற்றைக் காடு வந்தது. தெருவில் யானை லத்தி கிடந்தது. காய்ந்ததா பச்சையா என்று காலால் தட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மீன் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். யானை எந்தப் பக்கம் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பின்னால் வந்த ஜீப்புகளை மறித்தேன். நிறுத்தவில்லை. சாரமும் பையுமாக நடக்கிற கிழவனை அந்த ஊரான் என்று நினைத்திருப்பார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் மட்டும் படம் எடுத்தாள். வெயில் முதுகில் ஏறியது. கடலில் வெயில் இதைவிடக் கூட, ஆனால் அங்கே வள்ளம் என்னைச் சுமக்கும். இங்கே என்னை நான் சுமக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு மதகில் இருந்தேன். இருந்த இடத்தில் பார்த்தால் முன்னுக்கும் தெரு, பின்னுக்கும் தெரு, ஒரு மனிதக்குஞ்சு இல்லை. இந்நேரம் மகள் கேற்றடியில் நின்று தெருவைப் பார்ப்பாள். பிள்ளை "எங்கே" என்று கேட்கும். அவள் "வருவார்" என்று சொல்லுவாள். இரண்டாம் தடவை கேட்கும். மூன்றாம் தடவை மில்ரன் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பான்.

எதிர்ப்பக்கமிருந்து ஓட்டோ ஒன்று வந்தது. சரத். கேற்றில் ஆளை இறக்கி, அங்கேயே சோறும் தின்றுவிட்டு வெறுமையாகத் திரும்பி வருகிறான் போல. என்னைக் கண்டதும் நிறுத்தினான். தெருவிலேயே வண்டியை வளைத்துத் திருப்பி என் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்திவிட்டு முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

ஏறினேன். கால் முடிந்துவிட்டது, வேறு என்ன.

கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னான்: "தள்ளாடியில நான் நில்லு எண்டா நீங்க எல்லாம் நிண்டீங்க. இங்க நான் வாங்க எண்டா வாறீங்க இல்லை."

"அங்க உன்னட்டைத் துவக்கு இருந்தது."

அவன் பலமாகச் சிரித்தான். "அது சரி ஐயா. அது சரிதான்." பிறகு, "எனக்கும் அங்க பயம்தான். பஸ்ஸில இருந்து இறங்கிற ஆளில எவன் குண்டோட வாறான் எண்டு தெரியாதே" என்றான்.

நான் மடியில் இருந்து காசை எடுத்து எண்ணிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கேற்றடியில் இறங்கியபோது ஜீப் நிற்கும் இடம் வெறிச்சென்று இருந்தது. ஒரு வெள்ளை வான் மட்டும் நிழலில் நின்றது. வான்காரன் சீற்றைச் சாய்த்துப் படுத்திருந்தான். என்னைக் கண்டு எழும்பினான்.

"மன்னார் அப்பாவா? அவங்கள் போயிட்டாங்கள். மிஸ் இரண்டரை வரைக்கும் பாத்தா. ஜீப்காரன் சத்தம் போட்டான். இனி உள்ள போனால் ஒண்டும் பாக்கேலாது, ஆறு மணிக்குக் கேற் பூட்டிப்போடுவாங்கள் எண்டு. பிள்ளையும் அழத் தொடங்கிட்டுது."

"எவ்வளவு நேரம்?"

"போய் அரை மணித்தியாலம் இருக்கும்."

நான் கவுண்டருக்குப் போனேன். உள்ளே போக ரிக்கெற் தாருங்கோ என்றேன். காக்கிச் சட்டைக்காரன் நல்ல மாதிரித்தான் சொன்னான்: ரிக்கெற் தரலாம், ஆனால் காலால் நடந்து போக முடியாது, ஜீப் வேண்டும். ஜீப் தனி ஆளுக்கு இல்லை, ஜீப்பாகத்தான் பிடிக்க வேண்டும், நாலு பேர் ஏறினாலும் ஒரு ஆள் ஏறினாலும் ஒன்றுதான். அதுவும் இந்நேரத்தில் சும்மா நிற்கும் ஜீப் இல்லை.

நான் கவுண்டருக்கு முன்னால் ஒரு திண்டில் இருந்துவிட்டேன். ஆறு மணி மட்டும் இருந்தால் அவர்கள் வெளியே வருவார்கள். வந்து, முகம் கழுவி, வானில் ஏறிப் போவார்கள். அவ்வளவுதான் எனக்கு மிஞ்சும். கேற்றில் இருந்து உள்ளே போகிற தெரு சிவப்பு மண். கொஞ்சத் தூரத்தில் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதில் ஒரு இளம் பெண், அவள் புருசன், அவளுடைய தாய். புத்தளத்து முஸ்லிம் ஆட்கள். லுஹர் தொழுதுவிட்டு வந்ததில் பிந்திவிட்டார்கள் என்று புருசன் கவுண்டரில் சொல்லிக்கொண்டு நின்றான். தமிழைக் கேட்டதும் நான் எழும்பினேன். ஆனால் நான் ஆரிடமும் இடம் கேட்டு ஏறியவன் இல்லை. வான்காரன்தான் ஓடிப்போய்ச் சொன்னான்.

அந்தப் பெண் ஜீப்பில் இருந்து குனிந்து பார்த்தாள். "பேத்தியப் பாக்கவா மாமா வந்தீங்க? ஏறுங்க, ஏறுங்க. ஏழு பேர் இரிக்கிற ஜீப்புல நாங்க மூணு பேர்தானே. என்ட பேர் நுஸ்ரியா. ரிக்கெற்ற மட்டும் எடுத்துட்டு வாங்க."

அடையாள அட்டையைக் காட்டி ரிக்கெற் எடுத்தேன். கருவாட்டை வானில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ஏணியில் ஏறி ஜீப்பின் கடைசிச் சீற்றில் இருந்தேன்.

காடு என்றால் காடுதான். மரம், மண், குலுக்கல். நுஸ்ரியாவின் தாய் கம்பியைப் பிடித்தபடி, "மயில் பாக்கவா இவ்வளவு தூரம்? எங்கட வீட்டுக் கூரையில தினமும் ரெண்டு நிக்குது" என்று முறைப்பட்டுக்கொண்டே வந்தாள். வில்லு என்று சொல்கிற பெரிய குளங்கள் வந்தன. கரையில் மான் கூட்டம், ஒரு முதலை. ஒவ்வொரு ஜீப் எதிரே வரும்போதும் நான் எழும்பி உள்ளே பார்த்தேன். வெள்ளைக்காரர். சிங்களக் குடும்பம். ஒரு கல்யாண மாப்பிள்ளை பெண். "இரிங்க மாமா, விழுந்துடுவீங்க" என்றாள் நுஸ்ரியா.

எதிரே வந்த ஒரு ஜீப்காரன் எங்கள் றைவரிடம் கையைக் காட்டி என்னவோ சொன்னான். றைவர் சத்தம் இல்லாமல், "கொட்டியா" என்றான். சிறுத்தை. அதற்குப் பிறகு அவன் ஓட்டிய ஓட்டத்தில் கிழவி கலிமா சொல்லத் தொடங்கினாள்.

ஒரு ஒடுங்கிய பாதையில் ஆறேழு ஜீப் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. எல்லாரும் எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. எங்கள் றைவரும் நிறுத்திவிட்டு உதட்டில் விரலை வைத்தான். முன்னுக்கு, ஒரு பாலை மரத்தின் அடியில், வெள்ளை மணலில் அது படுத்திருந்தது. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு. நானும் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. வடிவான பிராணி.

ஆனால் அதற்கும் எனக்கும் இடையில் நின்ற ஜீப்பில் ஒரு பெண்ணின் பிடரி தெரிந்தது. மயிரை ஒரு கையால் சுருட்டி மற்றத் தோளில் போடுகிற பழக்கம். என்னுடைய மனிசி, அவளுடைய தாய் திரேசம்மாவும் அப்படித்தான் செய்வாள், மீன் வெட்டும்போது. அவளுக்குப் பக்கத்தில் சீற்றில் ஏறி நின்றுகொண்டு, கண்ணில் தூரக்கண்ணாடி வைத்தபடி ஒரு சின்னப் பிள்ளை. மூச்சு விடாமல் நின்றது.

எனக்கு மற்றது எல்லாம் மறந்துபோனது.

"றொஷேல்! மகள்!"

நான் கதைக்கவில்லை, கூப்பிட்டேன். அலைக்கு மேலால் அடுத்த வள்ளத்தைக் கூப்பிட்ட தொண்டை. எனக்கு வேறு விதமாகக் கூப்பிடத் தெரியாது.

சிறுத்தை எழும்பியது. ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தது. ஒரு பாய்ச்சல், பற்றை ஆடியது, பிறகு ஆடவில்லை.

எல்லா ஜீப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தன. ஒருவன் சிங்களத்தில் திட்டினான். நான் நீர்கொழும்பு ஆட்களிடம் படித்த அதே சொல். ஒரு வெள்ளைக்காரன் கையை விரித்துத் தலையை ஆட்டினான். அந்தச் சின்னப் பிள்ளை தூரக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தது. வாய் கோணிக்கொண்டு வந்தது. பிறகு அழத் தொடங்கியது. தன்னுடைய பாஷையில் தாயிடம் என்னவோ கேட்டது, என்னைக் காட்டிக் காட்டி. ஆர் இந்த ஆள் என்று கேட்டிருக்கும்.

றொஷேல் என்னையே பார்த்தாள். "அப்பா" என்றாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

நான் இறங்கப் போனேன். றைவர் என் கையைப் பிடித்தான். "இறங்கக்கூடாது. காட்டுக்குள்ளே இறங்கக்கூடாது" என்று சிங்களத்தில் சொன்னான். நாலு பாகம் தூரம், இருபத்துநாலு அடிகூட இருக்காது. அவ்வளவு கிட்ட நின்றும் எனக்குக் கால் வைக்க நிலம் இல்லை. முன்னுக்கு நின்ற ஜீப்புகள் புறப்பட, அவளுடைய ஜீப்பும் புறப்பட்டது. அது முன்னுக்குப் போனது. எங்கள் றைவர் பின்னுக்கு எடுத்து வேறு பாதையில் திருப்பினான். அவனுக்கு என்னில் கோபம்.

நுஸ்ரியா குனிந்து சீற்றுக்குக் கீழே தேடினாள். பிறகு தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். "குடிங்க மாமா. நாங்க பாத்துட்டோம்தானே. போதும்."

"மாமி கண்ணை மூடிட்டு இரிந்தா" என்றான் அவள் புருசன்.

"நான் ஒரு கண்ணால பாத்தேன்" என்றாள் கிழவி.

அவர்கள் சிரித்தார்கள், எனக்காகத்தான். நான் தண்ணீரைக் குடித்தேன்.

ஆறு மணிக்குக் கேற்றடியில் மகள் என்னைக் கட்டிப் பிடித்தாள். மெலிந்துபோனீர்கள் என்றாள். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டாள். பஸ் இல்லை என்றேன். "ஓட்டோ பிடிக்கச் சொன்னனான்தானே அப்பா" என்றாள். ஓம் என்றேன். மில்ரன் கை தந்து, "சுகமா மாமா?" என்று கேட்டுவிட்டு வானுக்குள் ஏசி போடச் சொன்னான். இருட்டுவதற்கு முன் பெரிய தெருவுக்கு ஏற வேண்டும், வத்தளை மட்டும் ஓட இருக்கிறது என்றான். அவனில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிள்ளை வானின் மறுபக்கம் போய் நின்றது. "டினோஜா, இவர்தான் அம்மப்பா, என்ரை அப்பா. வந்து கொஞ்சு" என்றாள் தாய். வரவில்லை.

சந்தி மட்டும் என்னை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். அங்கிருந்து அவர்கள் புத்தளம் பக்கம், நான் அநுராதபுரம் பக்கம். பின் சீற்றில் பிள்ளைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் வந்தது. நாலு மணித்தியாலத்துக்குப் பதில் எட்டுக் கிலோமீற்றர். நான் நடந்தபோது அந்தத் தெரு முடியவே இல்லை. இப்போது கண்ணாடிக்கு வெளியே மரங்கள் பறந்தன.

"தம்பி, கொஞ்சம் மெல்லமாய் ஓட்டு. யானை கடக்கிற இடம்" என்றேன் வான்காரனிடம்.

அவன் மெல்ல ஓட்டினான்.

பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். கன்னத்தில் செம்மண் தூசியும் கண்ணீரும் கோடாகக் காய்ந்திருந்தன. கை என்னுடைய கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. பயந்த மீனுக்கு வலையை அசைக்கக் கூடாது.

நான் இருந்த மதகைத் தாண்டும்போது அவள் திரும்பினாள். "நீங்க ஏன் கத்தினது?" என்று கேட்டாள். தமிழ் வளைந்து வளைந்து வந்தது.

"அம்மாவைக் கூப்பிட்டனான்."

"அம்மா என்னோட இருந்தது."

"ஓம். அதுதான் கூப்பிட்டனான்."

அவள் அதை யோசித்தாள். பிடித்ததாகத் தெரியவில்லை.

"எனக்கு ஒரு போட்டோவும் இல்லை. நான் எடுக்க முதல் அது போயிட்டுது."

"பிழைதான்" என்றேன். "நான் கத்தியிருக்கக் கூடாது."

"அது நாளைக்கும் அங்க வருமா?"

நாளைக்கு அவர்களுக்குப் பிளைட். முன் சீற்றில் இருந்த மகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், தோளில் தெரிந்தது.

"வரும்" என்றேன். "அதின்ரை இடம்தானே அது."

"நாளைக்கு நாங்க வரலாம். நீங்களும் வாங்க. ஆனா கத்த வேண்டாம்."

"கத்தமாட்டன்."

"மெல்லமா இருக்க வேணும். இப்பிடி." வாயை இறுக மூடிக் காட்டினாள். நானும் மூடிக் காட்டினேன். என்னுடைய வாயை நன்றாகப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு தன் சீற்றில் சாய்ந்து, சிறுத்தையின் வால் எப்படி ஆடியது என்று கையால் செய்து காட்டினாள். ஒருமுறை இல்லை, மூன்று நாலு முறை. ஒவ்வொரு முறையும் நான் பார்த்தேனா என்று பார்த்தாள்.

கடைகளின் வெளிச்சம் தெரிந்தது. வான் நின்றது.

மகள் இறங்கி என்னைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். போய்ச் சேர்ந்ததும் டிலோஜினியைக் கொண்டு போன் அடிப்பியுங்கோ என்றாள். மில்ரன் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றான். நான் அதைக் கவனித்தேன். பிள்ளை இறங்கவில்லை, வான் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"நாளைக்கு" என்றாள்.

"ஓம்" என்றேன்.

வான் புத்தளம் பக்கம் திரும்பியது. நான் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தில் போய் நின்றேன்.